எண்ணெய்க்குக் காவல்

எங்க கேன்டீன்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. ஃபயர் ட்ரில் சைரன் அடிச்சா பதிமூணு பேர் வெளிய ஓடணும், ஒருத்தி உள்ளயே நிக்கணும். அடுப்புல இருக்கிற எண்ணெய்க்குக் காவல். எந்தப் புத்தகத்துலயும் இல்லாத இந்த வழக்கத்தை யாரு ஆரம்பிச்சதுன்னு கேட்டா, வேற யாரு, நான்தான்.

ஓசூர்லருந்து பாகலூர் போற ரோட்டுப் பக்கம், வண்டிகளுக்கு பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனி. அதுல கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்தவர்கிட்ட நான் கிச்சன் சூப்பர்வைசர். பாத்திரம் தேய்க்கத்தான் முதல்ல சேந்தேன். பன்னெண்டு வருசத்துல கரண்டி பிடிச்சு, மெனு போட்டு, அப்புறம் இந்த சூப்பர்வைசர் கோட்டு. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு சத்தம் போட்டேன்னா சப்பாத்தி கல்லுகிட்ட நிக்கிற ஒடிசா மாஸ்டர் பாஷை புரியாமலே வேகமா உருட்டுவார். எங்க கிச்சன்ல தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் ஓடும். நான் திட்றது மட்டும் எல்லாருக்கும் புரியும்.

அந்தக் காவலுக்கு நிக்கிறவ அஞ்செட்டிப் பக்கத்து மலை ஊர்க்காரி. என்னைவிட எட்டு வயசு சின்னவ, "அக்கா, அக்கா"ன்னு என் பின்னாடியே திரிவா. அவ போடற வடைக்கு ஷிஃப்ட்டே அடிமை. ஒரு நாள் சாம்பார் அண்டாவைத் தூக்கும்போது ஈரத் தரையில வழுக்கி விழுந்து வலது முட்டி போயிடுச்சு. அதுலருந்து குனிஞ்சா எந்திரிக்க மாட்டா, உக்காந்தா நிமிர மாட்டா. நடக்கறது மட்டும் மெதுவா, சுவத்தைப் பிடிச்சிட்டு நடப்பா. வீட்டுக்காரர் லாரி ஓட்டறவர், மாசத்துல பாதி நாள் ஊர்ல இருக்க மாட்டார். ஒரே பொண்ணு, பத்தாவது படிக்குது. அந்தப் பொண்ணு என்னைப் பெரியம்மான்னுதான் கூப்பிடும்.

ட்ரில்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சைரன் அடிக்கும். எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு மெயின் கேட் பக்கத்துல ஒரு பச்சை போர்டு வெச்ச இடம் இருக்கு, அங்க போய் வரிசையா நிக்கணும். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒருத்தர் தலை எண்ணி மைக்குல சொல்லணும், அது எல்லா ஷாப்பு ஸ்பீக்கர்லயும், எங்க கிச்சன் வரைக்கும் கேக்கும். எல்லாரும் வந்துட்டாங்கன்னா "ஃபுல்"னு சொல்லணும். கடைசி ஆள் வந்து சேர எத்தனை நிமிசம் ஆச்சுன்னு கடிகாரம் வெச்சு எழுதுவாங்க.

அவளுக்கு முட்டி போனதுக்கப்புறம் நடந்த முதல் ட்ரில்ல, மொத்த கம்பெனியும் வெயில்ல நின்னுட்டு இருக்கு, இவ கேன்டீன் சரிவுல ஒவ்வொரு அடியா எடுத்து வெச்சு வர்றா. மேனேஜர் மைக்குலயே, "கேன்டீன் டிபார்ட்மென்ட்டுல ஒரு ஆளுக்காக அறுநூறு பேர் நிக்கிறாங்க"ன்னுட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மூஞ்சி எரிஞ்சுது. அவளுக்குக் கண்ணுல தண்ணி. அன்னிக்கு உள்ள வந்ததும் அவகிட்ட சொன்னேன்: "அடுத்த தடவை நீ வராத. உள்ளயே நின்னு எண்ணெயைப் பாத்துக்க. உன்னையும் சேத்து நான் எண்ணிக்கறேன்."

அவளுக்கு நிம்மதி. எனக்கு அதைவிட நிம்மதி. ஏன்னா இதுல இன்னொரு சௌகரியமும் இருந்துச்சு. ட்ரில்னா கேஸ் மெயின் வால்வை மூடிட்டுத்தான் வெளிய போகணும்னு விதி. மூடுனா பெரிய சட்டியில இருக்கிற எண்ணெய் ஆறிடும், மறுபடி காயறதுக்குள்ள டீ டைம் வந்துடும். ஆள் உள்ள இருந்தா மூட வேண்டியதில்லையே! அடுத்த ட்ரில்ல இருந்து எங்க டிபார்ட்மென்ட்தான் ஃபர்ஸ்ட்டு. ரிஜிஸ்தர்ல அவ கையெழுத்தையும் நானே போட்டுடுவேன். ரெண்டு எழுத்துதானே, என்ன பெரிய விசயம்னு நெனச்சேன்.

அப்புறம் புதுசா ஒரு சேஃப்டி ஆபீசர் வந்தார். தூத்துக்குடிப் பக்கம். "என்ன மேடம் இப்படிச் சொல்லுதிய, பாத்தியளா"ன்னு அவர் பேசறதைக் கேட்டு எங்க பொம்பளைங்க வாயைப் பொத்திட்டுச் சிரிப்பாங்க. ஆனா ஆள் வேலையில கெட்டி. வந்த முதல் வாரமே கிச்சனைச் சுத்திப் பாத்துட்டு, "இங்க தீயணைக்கறதுக்கு என்ன இருக்கு?"ன்னு கேட்டார். சுவத்துல தொங்கற செவப்பு சிலிண்டரைக் காட்டினேன். "இது பவுடர். எண்ணெய்ச் சட்டிக்கு இது போதாது"ன்னுட்டார்.

பின்பக்கம் காலி இடத்துல எங்க எல்லாரையும் நிக்க வெச்சு கிளாஸ் எடுத்தார். மூணு சிலிண்டரை வரிசையா வெச்சார்.

"எல்லாம் ஒரே மாதிரிதான் சார் இருக்கு, அவசரத்துல எப்படிக் கண்டுபிடிக்கறது?"ன்னு நான் வம்புக்கு இழுத்தேன்.

"அவசரத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு வைக்கணும் மேடம்"னார். "கருப்பா கொம்பு மாதிரி வாய் வெச்சது சிஓடூ. கரண்ட் பேனல், மோட்டார் எரிஞ்சா இது. முள்ளு வெச்ச மீட்டர் இருக்குல்லா, இது பவுடர். காகிதம், துணி, கட்டை எல்லாத்துக்கும் ஆகும். எண்ணெய்ச் சட்டியில அடிச்சா தீ அணைஞ்ச மாதிரி நடிக்கும், ஆனா எண்ணெயோட சூடு எறங்காது. திரும்பிப் பாக்கறதுக்குள்ள மறுபடி பத்திக்கும். சிஓடூவை அடிச்சியள்னா அது வர்ற வேகத்துல எரியற எண்ணெயை வாரி உங்க மேலயே எறைச்சிடும்."

நீளக் குழாய் வெச்ச மூணாவதைத் தூக்கிக் காட்டினார். "இது கே டைப். எண்ணெய்க்குன்னே உள்ளது. தள்ளி நின்னு, மெதுவா, சட்டி மேல மழை பெய்யற மாதிரி அடிக்கணும். எண்ணெய் மேல சோப்பு மாதிரி ஒரு ஆடை கட்டும், சூட்டையும் எறக்கும். சட்டியை மட்டும் யாரும் தூக்கி நகர்த்தக் கூடாது. சின்னச் சட்டின்னா கேஸை மூடிட்டு, தட்டைப் போட்டு மூடிடலாம். மூடினா ஆறற வரைக்கும் தொறக்கப்புடாது."

"தண்ணி ஊத்துனா?"ன்னு யாரோ கேட்டாங்க. அவர் அதுக்குத்தான் காத்துட்டு இருந்த மாதிரி, ஒரு சின்ன வாணலியில எண்ணெயை எரிய விட்டு, எங்களை எல்லாம் தூரமா நிக்கச் சொல்லிட்டு, நீளமான கம்பி முனையில ஒரு டம்ளர் தண்ணியைக் கட்டி அதுல சாய்ச்சார். ஐயோ, அதை எப்படிச் சொல்றது! ஒரே ஒரு டம்ளர் தண்ணி. தீ ரெண்டாள் உசரம் எழுந்து நின்னுச்சு. அனல் எங்க மூஞ்சி வரைக்கும் வந்துச்சு. நாங்க அலறின அலறல்ல செக்யூரிட்டி ஓடி வந்துட்டார்.

எல்லாரும் கலகலன்னு பேசிட்டு இருக்கும்போது அஞ்செட்டிக்காரி மட்டும் கேட்டா: "சார், தீ மேல போய் அந்தப் புகைக்கூண்டுக்குள்ள பூந்துட்டா?"

அடுப்புக்கு மேல புகையை இழுக்கற தகரக் குழாயைச் சொல்றா. அவர் சிரிக்கல. "நல்ல கேள்வி. அந்தக் குழாய்க்குள்ள வருசக்கணக்குல பிசுக்கு படிஞ்சிருக்கும். அதுல தீ ஏறிட்டா உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. கேஸ் வால்வை மூடுங்க, வெளிய வந்துடுங்க. பொகை எறங்குனா தரையோட தரையா தவழ்ந்து வாங்க, நல்ல காத்து கீழதான் இருக்கும்."

அவர் மறுநாளே கே டைப்பை வாங்கி மாட்டினார். நான் அடுப்புக்குப் பக்கத்துலயே மாட்டச் சொன்னேன், கைக்கு எட்டும்ல? "அடுப்பே எரியும்போது அதைத் தாண்டிப் போய் எடுப்பியளா?"ன்னு கேட்டு, வாசல் பக்கமா மாட்டிட்டார். எனக்குச் சுருக்னு இருந்துச்சு. போறப்ப ஒண்ணு கேட்டார்: "ட்ரில் சமயத்துல மெயின் வால்வை மூடுதியள்லா?"

"மூடாம? டாண்ணு மூடிடுவோம் சார்"னேன். அஞ்செட்டிக்காரி பக்கத்துலதான் நின்னா. தரையைப் பாத்துட்டு இருந்தா.

அந்தக் குழாயைக் கழுவ ஆள் வரச் சொல்லி அவர் மூணு தடவை எழுதினார். சல்லடை ஃபில்டரை நாங்க வாரா வாரம் வெந்நீர்ல போட்டுக் கழுவுவோம், அது வெளிய தெரியற இடம். உள்ள இருக்கிற குழாயை யார் பாத்தா? மேனேஜர், "அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம்"னார். மழை நாள்ல ஃபேன் நின்னிருக்கும்போது அந்தக் குழாய் மூட்டுலருந்து பழுப்பா ஒண்ணு சொட்டும். மாவு மேல விழக் கூடாதுன்னு நாங்க அங்க ஒரு தட்டை வெச்சோம். அவ்வளவுதான் நாங்க பண்ணது.

அதுக்கப்புறம் ஒரு விடியக்காலை, மார்கழிக் குளிர், முதல் ஷிஃப்டு இட்லிக்கு வேலை ஆரம்பிக்கறோம். வாசல்ல கால் வெச்சதும் அஞ்செட்டிக்காரி, "அக்கா, நாத்தம்"னா. அழுகின முட்டைக்கோசு மாதிரி வாடை. சிலிண்டர் கேஸ் காத்தைவிடக் கனம், மேல போகாது, தரையில தண்ணி மாதிரி பரவி பள்ளத்துல போய்த் தேங்கும். எங்க கிச்சன்ல பள்ளம்னா நடுவுல ஓடற சாக்கடைக் கால்வாய். கேஸ் கசிஞ்சா கத்தறதுக்கு சுவத்தடியில ஒரு பெட்டி இருந்துச்சு. தரை கழுவும்போது தண்ணி பட்டுக் கத்துதுன்னு அதுக்கு யாரோ பிளாஸ்டிக் கவர் சுத்தி வெச்சிருந்தாங்க.

ஒடிசா மாஸ்டர் வாடை போகட்டும்னு எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குக் கையைக் கொண்டு போனார். "தொடாத!"ன்னு நான் போட்ட சத்தத்துல அவர் கை அந்தரத்துலயே நின்னுடுச்சு. சுவிட்சைப் போட்டாலும் பொறி, அணைச்சாலும் பொறி. எல்லாரையும் வெளிய தள்ளி, கதவு ஜன்னலைத் திறந்து விட்டு, வெளிக் கொட்டாயில இருக்கிற சிலிண்டர் வரிசைக்குப் போய் ஒவ்வொரு வால்வா மூடினேன். அப்புறம் ஆபீசர் வந்து சோப்புத் தண்ணி தடவிப் பாத்தார். கிச்சனுக்குள்ள சுவரோரமா வர்ற பைப் மூட்டு ஒண்ணுல முட்டை முட்டையா வந்துச்சு. வாசர் தேஞ்சு போயிருந்துச்சு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. மேனேஜர் எனக்குக் கைகுடுத்தார். நானும் நெஞ்சை நிமித்திட்டு நின்னேன்.

ஆனா அன்னிக்கு, ஆபீசர் வர்றதுக்கு முன்னாடி, வெளிய வந்தவங்களை எண்ணினப்ப ஆறு பேர்தான் இருந்தாங்க. காலை ஷிஃப்டுக்கு ஏழு பேர். திரும்பிப் பாத்தா, அஞ்செட்டிக்காரி கேஸ் வாடைக்கு நடுவுல, பத்த வைக்காத அடுப்புகிட்ட நிக்கிறா! ஓடிப் போய்க் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

"ஏன்டி, சாகணும்னு ஆசையா உனக்கு?"

அவ முழிச்சா. "எல்லாரும் வெளிய ஓடுனா நான் உள்ள நிக்கணும்னு நீங்கதானக்கா சொன்னீங்க."

அடுப்புல அன்னிக்கு எண்ணெயே இல்ல. பழக்கம் அவளை அங்க நிறுத்தி வெச்சிருந்துச்சு. அந்த நிமிசமே அந்த வழக்கத்தை நான் தலை முழுகியிருக்கணும். அதுக்கு பதிலா, "நிஜத்துக்கு வெளிய வரணும், ட்ரில்லுக்கு உள்ள நிக்கணும், இது கூடத் தெரியாதா உனக்கு?"ன்னு திட்டுனேன். அவளும் தலையாட்டுனா. எது ட்ரில், எது நிஜம்னு அவ எப்படிக் கண்டுபிடிப்பான்னு ரெண்டு பேருமே யோசிக்கல.

கடைசி ட்ரில் ஒரு வியாழக்கிழமை மூணு மணிக்குன்னு முந்தின நாளே எல்லாருக்கும் தெரியும். பெயிண்ட் ஷாப்புல தீ பிடிச்ச மாதிரி வெச்சுக்குவாங்க, அங்க புகை மெழுகுவத்தி கொளுத்துவாங்க, பெயிண்ட் ஷாப் லைன்ல கரண்டைப் பிடுங்குவாங்க. எங்க கேன்டீனும் அதே லைன். மூணரைக்கு டீ, அன்னிக்கு உருளைக்கிழங்கு போண்டா. ட்ரில்லே இருபது நிமிசம் தின்னுடும். வந்ததும் போட்டு எடுக்கணுமேன்னு நான் ரெண்டே முக்காலுக்கே பெரிய சட்டி நிறைய எண்ணெய் ஊத்தி, தீயை முழுசா வெச்சேன். எப்பவும் ட்ரில்லுக்கு சிம்ல வெச்சுட்டுத்தான் போவோம். அன்னிக்கு அவசரம்.

"லேசா புகை கட்டுச்சுன்னா கொறைச்சுடு"ன்னேன்.

"சரிங்கக்கா"ன்னா. அந்த அடுப்போட திருகு சட்டிக்கு அடியில, முட்டி உயரத்துக்குக் கீழ இருக்கு. குனிஞ்சாத்தான் எட்டும். இதை நான் அப்ப நெனைக்கல. சத்தியமா நெனைக்கல.

சைரன் அடிச்சுது, போனோம். பச்சை போர்டுகிட்ட வரிசை கட்டினோம். அசெம்பிளி ஷாப், மெஷின் ஷாப், ஸ்டோர்ஸ், ஆபீஸ்னு ஒவ்வொருத்தரா மைக்குல வந்து தலைக்கணக்கு சொன்னாங்க. நாங்க எப்பவும் கடைசி. ஆறேழு நிமிசம் ஆயிருக்கும். நான் மைக்கைப் பிடிச்சு, நல்லா தெளிவா, "கேன்டீன், பதினாலு. ஃபுல்"னேன். ஆபீசர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனார். மேனேஜர் கைதட்டுனார், எல்லாரும் கைதட்டுனாங்க.

அப்பத்தான் கேன்டீன் கூரைப் பக்கமா புகை எழுந்துச்சு. பெயிண்ட் ஷாப்பும் அந்தப் பக்கம்தான். மெஷின் ஷாப்புல ஒருத்தர், "இந்தத் தடவை சூப்பரா பண்றாங்கப்பா, நிஜம் மாதிரியே இருக்கு"ன்னார். கூட நாலு பேர் போன் எடுத்துப் படம் பிடிச்சாங்க. மெழுகுவத்திப் புகை வெள்ளையா பஞ்சு மாதிரி வரும். இது கருப்பு. கூரை விளிம்பை விட்டுப் போகாம உருண்டுச்சு. காத்து திரும்புனப்ப வாடை வந்துச்சு, கருகின எண்ணெய் வாடை.

ஆபீசர் ஓடினார். வயர்லெஸ்ல, "ட்ரில் இல்ல, ட்ரில் இல்ல, கேன்டீன்ல நிஜத் தீ"ன்னு கத்தறது கேட்டுச்சு. பாதி தூரம் போனவர் திரும்பி என்னைப் பாத்துக் கேட்டார்: "மேடம், உள்ள யாரும் இல்லேல்லா?"

மேனேஜர் என் பக்கத்துல நிக்கிறார். அறுநூறு பேர் பாக்கறாங்க. மைக்குல ஃபுல்னு சொல்லி ஒரு நிமிசம் ஆகல. இப்ப உள்ள ஆள் இருக்குன்னு சொன்னா, பொய்க் கையெழுத்து, மூடாத வால்வு, இத்தனை நாள் ஃபர்ஸ்ட் வந்த பெருமை, எல்லாம் சந்தி சிரிக்கும். நான் தலையாட்டினேன். யாரும் இல்லேன்னு தலையாட்டினேன். பாவி.

அவர் அதை நம்பினார். உள்ள ஆள் இல்லேன்னா உள்ள போகக் கூடாது, அதுதான் முறை. தீயணைக்கற குழுவை வெளியவே நிறுத்தி, ஒருத்தரை கேஸ் கொட்டாய்க்கு அனுப்பி வால்வுகளை மூடச் சொன்னார். சிலிண்டர் சூடாகாம தண்ணி அடிக்க ஹைட்ரண்ட் ஹோஸை அந்தப் பக்கமா இழுக்கச் சொன்னார். எல்லாமே சரியாத்தான் பண்ணார். நான் சொன்னது மட்டும்தான் தப்பு.

எனக்குப் பின்னாடி ஒடிசா மாஸ்டர் என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தார். அவருக்குத் தெரிஞ்ச கொஞ்சூண்டு தமிழ்ல, "அக்கா, வடை அக்கா, உள்ள! உள்ள!"ன்னு அழறார். அப்பத்தான் எனக்கு வாய் வந்துச்சு. "ஐயோ, உள்ள இருக்காங்க! ஒருத்தி உள்ள இருக்கா!"ன்னு கத்திட்டு ஓடினேன். ரெண்டு பேர் மூஞ்சில காத்து முகமூடி மாட்டிட்டு உள்ள போனாங்க. டைனிங் ஹால் வழியா போக முடியல. குழாய் மூட்டுலருந்து எரியற பிசுக்கு சொட்டுச் சொட்டா விழுந்துட்டு இருந்துச்சு. பின்பக்கக் கதவை இடிச்சுத் திறந்தாங்க. உள்பக்கம் அந்தக் கதவை மறைச்சு ராயக்கோட்டைத் தக்காளி கிரேட்டு ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்துச்சு. காலையில வந்த லோடு. அங்க அடுக்கச் சொன்னதும் நான்தான். கிரேட்டைத் தள்ளுனா, அதுக்குப் பின்னாடி தரையில குப்புறக் கிடந்தா.

தீ அணைஞ்சு உள்ள போய்ப் பாத்துட்டு வந்து ஆபீசர் என்கிட்ட சொன்னார். திட்டல, சத்தமும் போடல. அதுதான் தாங்க முடியல. "மேடம், சட்டியில எண்ணெய் மேல ஆடை கட்டியிருக்கு. கே டைப்போட பின்னு தரையில கெடக்கு. முழு சிலிண்டரையும் தள்ளி நின்னு சரியா அடிச்சிருக்காங்க. உள்ள இருக்கற மெயின் வால்வையும் மூடியிருக்காங்க. நான் சொன்னதுல அவங்க ஒண்ணைக் கூட விடல. தீ அதுக்கு முன்னாடியே புகைக்கூண்டுக்குள்ள ஏறிட்டு."

விசாரணையில கேமராவைப் போட்டுக் காட்டினாங்க. நான் தலையாட்டினதுக்கும் கத்தினதுக்கும் நடுவுல ஐம்பது செகண்டு. எண்ணிப் பாருங்க, ஐம்பது வரைக்கும். அது எவ்வளவு நேரம்னு தெரியும். அப்படியும் கான்ட்ராக்டர் தன் பேர் கெடக் கூடாதுன்னு வெளிய வேற மாதிரி சொல்லிட்டார்: பதட்டத்துல கணக்கு தப்பிடுச்சு, சூப்பர்வைசரம்மாதான் சத்தம் போட்டு ஆளைக் காப்பாத்துனாங்கன்னு. நான் வாயைத் திறந்து இல்லேன்னு சொல்லல.

பெங்களூர்ல ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பாக்க விட்டாங்க. வார்டு வாசல்லயே அவ பொண்ணு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிச்சு. "பெரியம்மா, நீங்க கத்தலேன்னா எங்கம்மா இல்லேன்னு சொன்னாங்க"ன்னு விசும்புது. நான் அதோட தலையைத் தடவிட்டு உள்ள போனேன்.

முதுகும் இடது கையும் கட்டு. புகை குடிச்ச நெஞ்சு, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குறா. நான் கட்டில் பக்கத்துல உக்காந்ததும் அழுதேன். அழுதுட்டு, கேக்காமலே சொன்னேன்: "சாமி சத்தியமா, பொகையைப் பாத்த உடனே சொல்லிட்டேன்டி, நீ உள்ள இருக்கேன்னு."

அவ பார்வையை ஃபேன் பக்கம் திருப்பிக்கிட்டா.

"கரண்டுதானக்கா போச்சு"ன்னா. "மைக்கு பேட்டரில ஓடும். கிச்சன் ஸ்பீக்கர்ல எல்லாக் கணக்கும் கேட்டுச்சு. வால்வை மூடிட்டு சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டேன். முட்டி எந்திரிக்க விடல. கேன்டீன் கணக்கு வரட்டும், அக்கா ஒரு ஆள் கொறையுதுன்னு சொல்வாங்க, ஆள் வருவாங்கன்னு உக்காந்திருந்தேன்."

நான் போர்வை நுனியை இழுத்து விட்டேன்.

"ஃபுல்னு சொன்னீங்க. அப்புறம்தான் தவழ ஆரம்பிச்சேன்."

வெளிய டிராலி உருள்ற சத்தம். அவ கண்ணை மூடிக்கிட்டா. தூங்கிட்டாளோன்னு நெனச்சு நான் எந்திரிச்சப்ப, மூடின கண்ணோடவே சொன்னா:

"பாப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. அவளுக்கு இங்க உங்களை விட்டா யாரும் இல்ல."

வெளிய வந்தேன். அந்தப் பொண்ணு எனக்குன்னு டீ வாங்கி, ஆறாம இருக்க மேல ஒரு மூடி போட்டு வெச்சிருந்துச்சு. "குடிங்க பெரியம்மா, தூரத்துலருந்து வந்திருக்கீங்க"ன்னுச்சு. வாங்கிக் குடிச்சேன்.